எச்சிக்யூ அமிலத்தைக் குறைப்பதால்தான் லூபஸ் அடங்குகிறதா? எனக்குக் கணக்கு இடிக்கிறது

தாமரைச்செல்வி | 11 பிப்ரவரி 2024, இரவு 9.40

ஹைட்ராக்சிகுளோரோகுயின், சுருக்கமாக எச்சிக்யூ, பற்றி எங்கே படித்தாலும் ஒரே வரிதான் இருக்கிறது. செல்லுக்குள் லைசோசோம் என்கிற அமிலப் பையில் போய்ச் சேர்கிறது, அங்கே அமிலத்தைக் குறைக்கிறது, அதனால் நோயெதிர்ப்பு மட்டுப்படுகிறது. உடம்பின் எதிர்ப்பே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய்க்கு நான் ஆறு வருடமாக இதைச் சாப்பிடுகிறேன், பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். அந்த வரியை நேற்றுதான் முதல்முறையாகக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். முதல் பாதி அழகாகப் பொருந்துகிறது. இரண்டாம் பாதி பொருந்தவே இல்லை.

முதல் பாதி இது. எச்சிக்யூ ஒரு வலுக்குறைந்த காரம். புரோட்டானைப் பிடிக்கும் இடம் அதில் இரண்டு, பிகேஏ சுமார் 8.3, 9.7. மின்னேற்றம் இல்லாதபோது அது கொழுப்புச் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும். உள்ளே அமிலம் இருந்தால் இரண்டு புரோட்டான்களையும் பிடித்துக்கொள்ளும், அப்புறம் வெளியே வர வழியில்லை. பறிக்குள் நுழைந்த மீன் மாதிரி. செல்திரவத்தின் பிஎச் 7.2, லைசோசோமின் பிஎச் 4.8, மின்னேற்றமில்லாத வடிவம் மட்டும் இரு பக்கமும் சமம் என்று வைத்துக்கொண்டால்:

```
f(pH) = 1 + 10^(9.7 - pH) + 10^(18.0 - 2*pH)
f(4.8) / f(7.2) ≈ 58000
```

ஒரு புரோட்டான் மட்டும் பிடிக்கும் காரமாக இருந்தால் 250 மடங்கில் நின்றிருக்கும். இரண்டு பிடிப்பதால் ஏறக்குறைய அதன் வர்க்கத்துக்குப் போகிறது.

சிக்கல் இங்கேதான். இவ்வளவு காரம் உள்ளே போனால் அமிலம் அழிந்தே போக வேண்டும். லைசோசோம் கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் இருக்கிறது. எல்லா இடத்திலும் அந்த வேலை நின்றுபோனால் நான் ஆறு வருடம் வகுப்பெடுத்துக்கொண்டு இருக்க முடியாது. ஸ்டீராய்டைக் கூட்டியபோது அடுத்தடுத்துத் தொற்று வந்தது, இந்த மருந்தால் அப்படி ஒன்றும் வரவில்லை. அப்படியென்றால் இது எதை நிறுத்துகிறது, எதை விட்டுவிடுகிறது?

ராகவன்_பி | 11 பிப்ரவரி, இரவு 10.15

இதில் குழப்பமே இல்லை. நான் மருந்தியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், போன மாதம்தான் இதை எழுதித் தேர்வானேன். அமிலம் குறைந்தால் லைசோசோமின் என்சைம்கள் வேலை செய்யாது. புரதத்தை நறுக்க முடியாது. நறுக்காமல் எம்எச்சி மூலக்கூறில் ஏற்றி டி-செல்லுக்குக் காட்ட முடியாது. காட்டாவிட்டால் டி-செல் கிளம்பாது. அவ்வளவுதான். உங்கள் 58,000 மடங்கு இதைத்தான் உறுதிப்படுத்துகிறது.

நடுச்சாமம் | 12 பிப்ரவரி, காலை 6.02

எனக்கு இதே பிரச்சினைதான். மூட்டு வலிக்கு இந்த மாத்திரை, கூடவே நெஞ்செரிச்சல், அமிலத்துக்குத் தனியாக மருந்து குடிக்கிறேன். அமிலம் உள்ள இடத்தில்தான் இது சேரும் என்றால், அமிலத்தைக் குறைக்கிற மருந்தை நான் குடிப்பதால் மாத்திரை வேலை செய்யாமல் போகிறதா? நிறுத்திவிடட்டுமா?

தாமரைச்செல்வி | 12 பிப்ரவரி, காலை 6.50

நடுச்சாமம், எதையும் நிறுத்த வேண்டாம். இங்கே பேசுவது வயிற்று அமிலம் இல்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரியும் பைகளில் உள்ள அமிலம். அதை நிரப்பும் பம்பு வேறு, வயிற்றில் இருக்கும் பம்பு வேறு. ஆனால் நீங்கள் கேட்டதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மக்னீசியம், அலுமினியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தைச் சேர்த்துக் குடித்தால் எச்சிக்யூ குடலில் சரியாக உறிஞ்சப்படாது. இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விடச் சொல்வார்கள். நீங்கள் எந்த வகை குடிக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

ராகவன், நீங்கள் சொன்ன சங்கிலி எனக்கும் தெரியும். என் கேள்வி அதன் முதல் கண்ணியில் இருக்கிறது. உடம்பில் உண்மையிலேயே அமிலம் குறைகிறதா?

செல்உயிரி | 12 பிப்ரவரி, இரவு 11.30

பத்து வருடமாக மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்லை வளர்க்கிற ஆய்வகத்தில் இருக்கிறேன். தாமரைச்செல்வி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"அமிலத்தைக் குறைக்கிறது" என்பது பொய் இல்லை. 1978-இல் ஓகுமாவும் பூலும் செய்த சோதனையிலிருந்து வருகிறது அது. அமிலத்துக்கு ஏற்ப ஒளி மாறும் ஃப்ளோரசீன் சாயத்தை டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலியோடு கோத்து எலி மேக்ரோஃபேஜுக்குத் தின்னக் கொடுத்தார்கள். அது லைசோசோமில் போய்த் தங்கும், அங்கிருந்தே பிஎச் எவ்வளவு என்று காட்டும். சாதாரணமாக 4.7, 4.8 இருந்தது. குளோரோகுயின் ஊற்றியதும் 6-க்கு மேலே போனது. ஆனால் அவர்கள் ஊற்றிய அளவைப் பாருங்கள்: 100 மைக்ரோமோலார்.

இப்போது ஒரு நோயாளியின் ரத்தத்துக்கு வருவோம். முழு ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 1000 நானோகிராம் இருந்தால் நல்ல அளவு என்று எடுத்துக்கொள்வார்கள். மூலக்கூறு எடை 336, வகுத்தால் சுமார் 3 மைக்ரோமோலார். அதிலும் பெரும் பங்கு ரத்தச் செல்களுக்குள் இருக்கிறது, பிளாஸ்மாவில் இன்னும் குறைவு. அதாவது ஆய்வகத் தட்டில் அமிலத்தைக் குறைத்த அளவில் முப்பதில் ஒரு பங்குகூட வெளியே இல்லை. நியாயமாகச் சொன்னால், தட்டில் சில மணி நேரம்தான், உடம்பில் மாதக்கணக்கில் சேர்கிறது. அதனால் முப்பது மடங்கு வித்தியாசத்தை அப்படியே எடுக்கக்கூடாது. இருந்தாலும் அது பெரிய இடைவெளி.

அப்புறம் அந்த 58,000. அது மேல்வரம்பு, செல்லில் அந்த அளவு வராது. மருந்து பிடிக்கும் ஒவ்வொரு புரோட்டானுக்கும் பம்பு இன்னொரு புரோட்டானை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். கூடவே குளோரைடும் தண்ணீரும் போகும், பை வீங்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்லே நுரைத்த மாதிரி தெரியும். பல மணி நேரம் விட்டால் செல் புது லைசோசோம்களை உண்டாக்கிக்கொள்கிறது, பிஎச் கீழே திரும்பி வருகிறது. ஆகவே நிறைய மருந்து உள்ளே இருப்பதும் அமிலம் இருப்பதும் ஒரே சமயத்தில் நடக்கும். தாமரைச்செல்விக்கு இடித்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, அமிலம் அவ்வளவாகக் குறையாவிட்டால் லூபஸ் எப்படி அடங்குகிறது? லூபஸில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் புரியும். செத்த செல்லின் டி.என்.ஏ, ஆர்.என்.ஏ மேலேயே நம் எதிர்ப்பொருள் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கட்டியை பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிட்டிக் செல் என்ற வகை விழுங்குகிறது. கட்டி எண்டோசோம் வழியாக அமிலம் கூடிய பைகளுக்குப் போகிறது. அங்கேதான் டிஎல்ஆர்-7, டிஎல்ஆர்-9 என்ற இரண்டு காவலாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். 7 ஆர்.என்.ஏ-வைப் படிக்கும், 9 டி.என்.ஏ-வைப் படிக்கும். வைரஸைப் பிடிக்க வைத்த காவல் அது. நம்முடைய நியூக்ளிக் அமிலம் சாதாரணமாக அந்தப் பைக்கு முழுசாக வந்து சேராது, எதிர்ப்பொருள்தான் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. காவலாளி வைரஸ் வந்துவிட்டது என்று எண்ணி இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா என்ற எச்சரிக்கைப் புரதத்தைக் கொட்டுகிறான். அந்த இன்டர்ஃபெரான் மறுபடி பி-செல்லைத் தூண்டுகிறது, இன்னும் எதிர்ப்பொருள், இன்னும் கட்டி.

எச்சிக்யூ போய்க் குவிவது அதே பையில். அதன் தட்டையான வளையமும் நேர் மின்னேற்றமும் நியூக்ளிக் அமிலத்தோடு ஒட்ட ஏதுவானவை. 2011-இல் ஸ்லோவேனியாவில் ஒரு குழு இதை அளந்து பார்த்தது. எச்சிக்யூ வகை மலேரியா மருந்துகள் பிஎச் குறிப்பிடும்படி நகராத அளவிலேயே டிஎல்ஆர் சமிக்ஞையை நிறுத்திவிட்டன, மருந்து நேராக நியூக்ளிக் அமிலத்தில் ஒட்டுவதும் தெரிந்தது. எழுதின தாள் அங்கேயேதான் இருக்கிறது, எழுத்தின் மேல் மை கொட்டிவிட்டது, காவலாளியால் படிக்க முடியவில்லை.

அமிலம் அந்த மருந்தைக் கொண்டுவந்து சேர்க்கும் வழி. மருந்து செய்யும் வேலை அமிலத்தைக் குறைப்பதாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடுவதால்தான் குழப்பம்.

ராகவன்_பி | 13 பிப்ரவரி, காலை 8.20

சார், ஒரு நிமிடம். டிஎல்ஆர்-9 முழுசாக இருந்தால் வேலை செய்யாது, எண்டோசோமில் என்சைம் வெட்டிய பிறகுதான் சமிக்ஞை தரும் என்று 2008-இல் காட்டியிருக்கிறார்கள். அந்த என்சைமுக்கு அமிலம் வேண்டும். பம்பை நிறுத்தும் பாஃபிலோமைசினைப் போட்டாலும் டிஎல்ஆர்-9 நின்றுவிடும். அப்படியென்றால் அமிலம்தானே காரணம்?

செல்உயிரி | 13 பிப்ரவரி, இரவு 10.05

சார் இல்லை, மேடம்.

நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. ஆனால் அவை காட்டுவது டிஎல்ஆர்-9-க்கு அமிலம் தேவை என்பதை மட்டும். எச்சிக்யூ அந்த அமிலத்தை எடுத்துத்தான் அதை நிறுத்துகிறது என்று காட்டவில்லை. விளக்கு அணைந்துவிட்டது, மின்சாரம் போனாலும் அணையும், பல்பு எரிந்துபோனாலும் அணையும். எது என்று தெரிய வேண்டுமானால் அதே தட்டில், அதே நேரத்தில், அதே அளவு மருந்தில் பிஎச்சையும் இன்டர்ஃபெரானையும் சேர்த்து அளக்க வேண்டும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு, நானும் விழுந்திருக்கிறேன். லைசோசோமைக் காட்ட நாங்கள் போடும் சில சாயங்கள் அவையே வலுக்குறைந்த காரங்கள். எச்சிக்யூ மாதிரியே அமிலத்தில் மாட்டிக்கொண்டு ஒளிரும். மருந்து போட்ட செல்லில் பைகள் வீங்கி எண்ணிக்கையும் கூடியிருப்பதால் ஒளி கூடலாம். பார்த்தால் அமிலம் கூடிவிட்ட மாதிரி இருக்கும். இன்னொரு நாள் ஒளி குறைந்து அமிலம் போய்விட்ட மாதிரி இருக்கும். மூன்று மாத வேலையை நான் இதனால் குப்பையில் போட்டேன். இப்போது டெக்ஸ்ட்ரானில் கோத்த, இரண்டு அலைநீளங்களின் விகிதத்தைக் காட்டும் சாயம் இல்லாமல் யாராவது பிஎச் எண் சொன்னால் நம்புவதில்லை.

உங்கள் எம்எச்சி வாதத்தையும் நான் தள்ளிவிடவில்லை. பிஎச் சின்னதாக நகர்ந்தாலே பிடிப்பு குறைந்த பெப்டைடுகள் ஏறுவது மட்டும் குறையும், வைரஸ் பெப்டைடு மாதிரி உறுதியாகப் பிடிப்பவை ஏறிவிடும், அதனால்தான் தொற்று கூடுவதில்லை என்று 1990-களிலேயே ஒரு கருத்து வந்தது. அழகான கருத்து. மனித உடம்பில் அது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. தொற்று கூடாததற்கு எனக்குத் தோன்றும் எளிய காரணம் வேறு. பாக்டீரியாவின் மேலுறையைக் கண்டுபிடிக்கும் டிஎல்ஆர்-4 முக்கியமாகச் செல்லின் மேற்பரப்பில் வேலை செய்கிறது, அங்கே இந்த மருந்து குவிவதில்லை.

தாமரைச்செல்வி | 14 பிப்ரவரி, மாலை 7.15

இரண்டு நாளாக இதே யோசனை. என் முதல் பதிவில் ஒரு தவறு, திருத்திக்கொள்கிறேன். லைசோசோமின் 4.8-ஐ வைத்துக் கணக்குப் போட்டேன். டிஎல்ஆர் காவலாளிகள் படிப்பது அதற்கு முந்தைய பைகளில் என்றால் அங்கே பிஎச் அவ்வளவு கீழே இல்லை. அதே சூத்திரத்தில் 6.0 போட்டால் 230 மடங்குதான், 5.5 போட்டால் 2,300. பிஎச்சில் அரை எண் இறங்கினால் மருந்து பத்து மடங்கு ஏறுகிறது, இரண்டு புரோட்டான் கணக்கின் விளைவு அது.

அப்படியானால் 1 மைக்ரோமோலார் செல்திரவத்தில் இருந்தால்கூட அந்தப் பையில் மேல்வரம்பு 2 மில்லிமோலாருக்கு மேல். அதில் பத்தில் ஒரு பங்கு உண்மையில் சேர்ந்தாலும், ஆர்.என்.ஏ-வில் ஒட்டுவதற்குப் போதுமான கூட்டம் என்று எனக்குப் படுகிறது. செல்உயிரி, இது சரியா?

செல்உயிரி | 14 பிப்ரவரி, இரவு 11.50

திசை சரி. எண்ணைக் கையில் பிடித்துக்கொள்ளாதீர்கள், ஒரு பையின் பிஎச் நிமிடத்துக்கு நிமிடம் இறங்குகிறது.

அமுதவல்லி | 17 பிப்ரவரி, பிற்பகல் 2.30

படித்துவிட்டு ஒரு விஷயம் உறுத்துகிறது. எனக்கு லூபஸ் இல்லை, முடக்குவாதம், 15 வருடம் ஆகிறது. முதலில் இந்த மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். காலை இறுக்கம் ஒன்றரை மணி நேரத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு வந்தது, அதற்கு மேல் நகரவில்லை. இரண்டு வருடம் கழித்து எக்ஸ்ரேயில் விரல் எலும்பு அரித்திருந்தது. மெத்தோட்ரெக்சேட் சேர்த்த பிறகுதான் நின்றது. லூபஸ்காரர்கள் எல்லாரும் இதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் அரைகுறை?

தாமரைச்செல்வி | 17 பிப்ரவரி, இரவு 8.45

அக்கா, நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், செல்உயிரி திருத்தட்டும். லூபஸில் தீ பற்றும் இடமே அந்தப் பைதான், மருந்தும் அங்கேதான் குவிகிறது. முடக்குவாதத்தில் மூட்டுச் சவ்வில் தீயை வளர்ப்பது பெரும்பாலும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள். அவை செல்லின் வெளியே உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டுகின்றன. பைக்குள் இருக்கும் மருந்து அதைத் தடுக்க முடியாது. அவை சுரப்பதை ஓரளவு குறைக்கலாம், அவ்வளவுதான்.

செல்உயிரி | 18 பிப்ரவரி, காலை 7.10

ஏறக்குறைய அப்படித்தான். முடக்குவாதத்தில் எச்சிக்யூ எந்த வழியில் உதவுகிறது என்பது லூபஸ் அளவுக்குத் தெளிவாக இல்லை. எம்எச்சி வழி, டிஎல்ஆர் வழி, செல் தன்னைத்தானே செரிக்கும் வழி என்று எல்லாவற்றுக்கும் ஆதரவு இருக்கிறது, எதற்கும் முடிவான சான்று இல்லை. மருத்துவத்தில் தெரிவது இதுதான்: தனியாகக் கொடுத்தால் வலியும் வீக்கமும் கொஞ்சம் குறையும், எலும்பு அரிப்பை நம்பகமாக நிறுத்தாது. மெத்தோட்ரெக்சேட், சல்ஃபசலசினோடு மூன்றாவதாகச் சேர்க்கும்போது பலன் நன்றாக இருக்கிறது, 1996-இலிருந்தே அதற்குச் சோதனைச் சான்று உண்டு. அமுதவல்லி அக்கா, உங்கள் எக்ஸ்ரே கதை அதோடு ஒத்துப்போகிறது. அந்த இரண்டு வருடம் உங்களுக்குத் தவறியிருக்கக்கூடாது.

அமுதவல்லி | 18 பிப்ரவரி, காலை 9.00

இடது கை மோதிர விரல் இன்னும் நேராகாது. யாராவது இப்படிச் சொன்னதே இதுதான் முதல் தடவை. நன்றி அம்மா.

பனித்துளி_94 | 2 மார்ச், இரவு 12.20

எனக்கு லூபஸ் என்று உறுதியாகி ஐந்து வாரம். முகத்தில் தடிப்பு, முழங்கால், மணிக்கட்டு எல்லாம் வலி. எச்சிக்யூ ஆரம்பித்து ஐந்து வாரமாகியும் ஒரு துளி மாற்றம் இல்லை. நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் இங்கே பேசுவது பாதி புரியவில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள் அக்கா, இது எனக்கு வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?

தாமரைச்செல்வி | 2 மார்ச், காலை 5.40

இல்லை. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நான் ஆரம்பித்தபோது ஏழாவது வாரத்தில் இதே எண்ணத்தில் பெட்டியை மேசை இழுப்பறையில் போட்டு மூடியவள். மூன்று மாதம் கழித்து மருத்துவமனையில் படுத்தேன்.

உங்கள் ஐந்து வாரத்தைக் கணக்காகப் பார்ப்போம். இந்த மருந்து செல்களுக்குள் மாட்டிக்கொள்வதால் உடம்பை விட்டு மெதுவாகப் போகிறது, பாதி போக சுமார் 40 நாள். அதே காரணத்தால் நிரம்புவதும் மெதுவாகத்தான். தினமும் ஒரே அளவு சாப்பிட்டால் 35-ஆவது நாளில் இறுதி அளவில் 45 சதவீதம்தான் சேர்ந்திருக்கும். 4 மாதத்தில் 87 சதவீதம், 6 மாதத்தில் 95-ஐத் தாண்டும். தொட்டி பாதிகூட நிரம்பவில்லை உங்களுக்கு. மருத்துவர்கள் மூன்று மாதம், சில சமயம் ஆறு மாதம் பொறுக்கச் சொல்வது சும்மா சமாதானத்துக்கு இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இரண்டு நாள் மறந்துவிட்டால் தொட்டியில் மூன்று, நான்கு சதவீதம்தான் இறங்கும், பதற வேண்டாம். நிறுத்தினாலும் உடனே ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று தோன்றும், அப்புறம் வந்து விழும். 1991-இல் கனடாவில் 47 லூபஸ் நோயாளிகளை வைத்து ஒரு சோதனை. நோய் அடங்கியிருந்தவர்களில் ஒரு பாதிக்குச் சொல்லாமலே வெற்று மாத்திரையாக மாற்றினார்கள். 24 வாரத்தில் அவர்களுக்கு நோய் கிளம்பும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.5 மடங்கு.

செல்உயிரி | 2 மார்ச், இரவு 10.30

"சொல்லாமலே" என்ற சொல்லை மாற்றுங்கள், தாமரைச்செல்வி. அவர்கள் சம்மதித்துத்தான் சேர்ந்தார்கள், யாருக்கு எது என்பதுதான் மறைவாக இருந்தது.

இன்னொரு திருத்தம். 40 நாள் என்பது கடைசியில் மெதுவாக வடியும் பகுதியின் கணக்கு. உடம்பு ஒரே தொட்டி இல்லை. ரத்தத்தில் உள்ள அளவு ஆரம்பத்தில் அதைவிட வேகமாக இறங்கும், ஆழத்தில் இருப்பது நின்று நிதானமாக வரும். ஆகவே 45, 87 என்பதை ஏணியின் படியாக வைத்துக்கொள்ளுங்கள், பரிசோதனை முடிவாக இல்லை. பனித்துளிக்குச் சொன்ன பதில் மாறாது.

தாமரைச்செல்வி | 3 மார்ச், காலை 6.15

ஆமாம், அந்தச் சொல் தவறு. இரண்டு திருத்தத்தையும் ஏற்றுக்கொள்கிறேன்.

நடுச்சாமம் | 9 மார்ச், மாலை 5.05

நெஞ்செரிச்சல் மருந்தை மருத்துவரிடம் காட்டினேன். மக்னீசியம் உள்ளதுதான். காலையும் ராத்திரியுமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். இப்போது இன்னொரு பயம். இப்படி மாட்டிக்கொண்டே போனால் கண்ணில் சேர்ந்து பார்வை போகுமாமே?

தாமரைச்செல்வி | 10 மார்ச், இரவு 9.10

பயம் நியாயமானது, அதைக் கணக்கோடு வைத்துக்கொண்டால் போதும். விழித்திரைக்குப் பின்னால் நிறமிச் செல் அடுக்கு ஒன்று இருக்கிறது. ஒளியை வாங்கும் செல்கள் தினமும் உதிர்க்கும் துண்டுகளை விழுங்கிச் செரிப்பது அதன் வேலை, அதாவது லைசோசோம் ஓயாமல் உழைக்கும் இடம். அதோடு அங்குள்ள மெலனினிலும் மருந்து ஒட்டிக்கொள்கிறது. அங்கே சிக்கினால் எளிதில் போகாது. லூபஸில் நமக்கு உதவும் அதே மாட்டிக்கொள்ளும் குணம் இங்கே எதிராகத் திரும்புகிறது.

அளவுதான் முக்கியம். உண்மையான உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி தாண்டக்கூடாது என்கிறது 2016-இன் அமெரிக்கக் கண் மருத்துவ வழிகாட்டுதல். அந்த அளவுக்குள் இருந்தால் முதல் 5 வருடத்தில் ஆபத்து 1 சதவீதத்துக்கும் கீழே, 10 வருடம் வரை 2-க்கும் கீழே, 20 வருடத்தில் கிட்டத்தட்ட 20. சிறுநீரகம் சரியாக இல்லாதவர்களுக்கு மருந்து வெளியேறாமல் தங்கும் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

என் கதையையும் சொல்கிறேன். நான் 52 கிலோ. முதல் ஒன்றரை வருடம் தினமும் 200 மி.கி மாத்திரை இரண்டு, அதாவது கிலோவுக்கு 7.7. அந்த மருத்துவமனையில் ஒருவரும் என்னை எடை போடவில்லை. நானே இந்தச் சூத்திரத்தைப் படித்துவிட்டு அடுத்த மருத்துவரிடம் கேட்டேன். 52-க்கு 260 மி.கி. மாத்திரையை உடைக்க வேண்டாம், வாரத்துக்கு 9 மாத்திரை என்று மாற்றினார். வாரத்தில் ஐந்து நாள் ஒன்று, இரண்டு நாள் இரண்டு. நாளுக்கு 257 வருகிறது. அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

செல்உயிரி | 10 மார்ச், இரவு 11.00

பார்வை மங்கும்வரை காத்திருக்காதீர்கள் என்பதை மட்டும் சேர்க்கிறேன். ஆரம்பச் சேதத்தில் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. முதல் வருடத்துக்குள் ஒரு அடிப்படைப் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனும் பார்வைப் புல சோதனையும். ஆசிய வம்சத்தினருக்குச் சேதம் மையத்தைவிட்டுக் கொஞ்சம் வெளியே ஆரம்பிப்பது அதிகம், அதனால் நடுப்பகுதியை மட்டும் பார்க்கும் சோதனை தவறவிடலாம். அகலமான புலத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ராகவன்_பி | 11 மார்ச், காலை 8.00

மேடம், என் பேராசிரியரிடம் 2011 ஆய்வைக் காட்டினேன். அவர் இன்னும் பிஎச் கட்சிதான். நியூக்ளிக் அமிலத்தில் ஒட்டுவது தட்டில் சரி, நோயாளியின் செல்லில் அதுதான் நடக்கிறது என்று யார் பார்த்தார்கள் என்கிறார்.

செல்உயிரி | 11 மார்ச், இரவு 10.40

அவர் கேட்பது நியாயமான கேள்வி. நோயாளியின் டென்ட்ரிட்டிக் செல்லுக்குள் ஒரு பையின் பிஎச்சையும் அதில் ஒட்டியிருக்கும் மருந்தையும் சேர்த்து அளப்பது மிகக் கடினம். பிஎச் வாதத்திலும் அதே ஓட்டை இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.

பனித்துளி_94 | 21 ஜூலை, இரவு 9.30

அக்கா, ஞாபகம் இருக்கிறதா? மே மாதம் போனபோதும் தடிப்பு அப்படியே இருந்தது. மருத்துவர் மருந்தை மாற்றுவதற்கு முன்னால் ரத்தத்தில் எச்சிக்யூ அளவு பார்க்கச் சொன்னார். மில்லிலிட்டருக்கு 140 நானோகிராம் வந்தது. 200-க்குக் கீழே என்றால் மருந்து உள்ளே போகவே இல்லை என்று பொருள் என்றார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். குமட்டுகிறது என்று வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள்தான் சாப்பிட்டிருந்தேன், உங்களிடமும் சொல்லவில்லை. அவர் திட்டவில்லை. வயிறு நிரம்பிய பிறகு இரவில் சாப்பிடச் சொன்னார், குமட்டல் நின்றுவிட்டது.

இந்த வாரம் மறுபடி பார்த்தோம், 720. தினமும் சாப்பிட்டு ஒன்பது வாரம் ஆகிறது. மணிக்கட்டு வலி போய்விட்டது, தடிப்பு மூக்கின் மேல் மட்டும் இளஞ்சிவப்பாக இருக்கிறது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

தாமரைச்செல்வி | 21 ஜூலை, இரவு 9.55

ஒன்பது வாரம் என்றால் தொட்டி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. முழங்காலை அக்டோபரில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கண் பரிசோதனைக்கு நாள் வாங்கிவிட்டீர்களா?

பனித்துளி_94 | 21 ஜூலை, இரவு 10.02

வாங்கிவிட்டேன் அக்கா, 6-ஆம் தேதி. எடையும் போட்டார்கள், 61 கிலோ.